பத்து விநாடி, ஒரு பெயர்: வாய்ஸ்மெயில் கிரீட்டிங் பதிவு செய்வது

கேள்வி: "டொரொன்டோவுக்குப் படிக்க வந்து ஒரு வருடம் ஆகிறது. பகுதிநேர வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்து அழைத்திருக்கிறார்கள், வகுப்பில் இருந்ததால் எடுக்கவில்லை. 'உங்கள் எண்தானா என்று தெரியவில்லை, அதனால் மெசேஜ் விடவில்லை' என்று பிறகு மின்னஞ்சல் வந்தது. என் வாய்ஸ்மெயிலில் இயந்திரக் குரல்தான் இருக்கிறது. நானே பேசிப் பார்த்தால் முப்பது விநாடி வருகிறது, பள்ளி ஆண்டு விழாப் பேச்சு மாதிரி இருக்கிறது. சுருக்கமாகவும் கடுகடுப்பு இல்லாமலும் எப்படிச் சொல்வது? தமிழிலும் சொல்ல வேண்டுமா? (நான் எழுதி வைத்ததையும் கீழே போட்டிருக்கிறேன்.) – யாழினி"

யாழினி, நான் குரல் பயிற்சி கொடுப்பவள் இல்லை. ஸ்கார்பரோவில் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் 13 வருடம் முன்மேசையில் இருந்தேன். நாளைக்கு வர வேண்டியவர்களுக்கு நினைவூட்ட, ரிப்போர்ட் வந்துவிட்டது என்று சொல்ல, ஸ்பெஷலிஸ்ட் கொடுத்த தேதியைத் தெரிவிக்க என்று ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேரையாவது அழைப்பேன். பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள். போனை எடுக்காதபோது வாய்ஸ்மெயிலில் ஒலிக்கிற அந்தப் பதிவுதான் கிரீட்டிங், அப்படி ஆயிரக்கணக்கானவற்றைக் காதில் வாங்கியிருக்கிறேன். எனவே நான் சொல்வதெல்லாம் மறுமுனையில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளின் பக்கத்திலிருந்து.

அந்த ஆளுக்கு முதல் இரண்டு விநாடியில் வேண்டியது ஒன்றே ஒன்று: தான் தேடுகிற ஆளின் எண்தானா இது? வேலை விஷயமாக உங்களை அழைத்தவர் மெசேஜ் விடாமல் போனை வைத்ததும் அதனால்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒன்ராறியோவில் உடல்நலத் தகவல் பாதுகாப்புக்கென்று 2004-இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. ஒருவருடைய மருத்துவ விவரம் இன்னொருவர் காதில் விழக் கூடாது. எங்கள் கிளினிக்கில் ஒரு தடவை, படிவத்தில் ஒரு இலக்கம் தவறாக இருந்தது தெரியாமல், இயந்திரக் குரல் எண்ணை மட்டும் வாசிக்கிற ஒரு வாய்ஸ்மெயில் பெட்டியில் மெசேஜ் விட்டுவிட்டேன். யாரோ ஒருவர் கேட்டுவிட்டு, "இங்கே அப்படி யாரும் இல்லை" என்று திருப்பி அழைத்தார். நல்லவேளை, "அப்பாயின்ட்மென்ட் விஷயமாக" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்றிலிருந்து கிரீட்டிங்கில் பெயர் கேட்காவிட்டால் மெசேஜ் விடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். வேலைக்கு ஆள் எடுப்பவர்களுக்குச் சட்டம் இவ்வளவு கறார் இல்லை என்றாலும் சங்கடம் அதேதான். நேர்காணல் தேதியை யாரோ ஒருவர் பெட்டியில் போட்டுவிட்டு, நீங்கள் வரவில்லையே என்று காத்திருக்க யாருக்குப் பிடிக்கும்?

ஊரில் இந்தப் பிரச்சினையே கிடையாது. அங்கே மிஸ்டு கால்தான் செய்தி. பேருந்தில் இறங்கியதும் ஒரு ரிங் கொடுத்து வைத்தால் வந்து சேர்ந்தாயிற்று என்று அர்த்தம். எண்ணைப் பார்த்துத் திருப்பி அழைத்துக்கொள்வோம். இங்கே அலுவலகங்கள் பெரும்பாலும் ஒரே பொது எண்ணிலிருந்து அழைக்கும். திருப்பி அழைத்தால் "இதற்கு ஒன்றை அழுத்துங்கள், அதற்கு இரண்டை அழுத்துங்கள்" என்று ஒரு மெனுதான் பேசும், உங்களை அழைத்தது யார் என்று அதற்குத் தெரியாது. அவர்கள் விட்டுப்போகிற பெயரும், அவர்கள் மேசைக்கு நேராகப் போகிற நீட்டிப்பு எண்ணும்தான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே நூல்முனை.

சரி, நீங்கள் எழுதி வைத்ததைப் பார்ப்போம்.

"ஹலோ, யூ ஹாவ் ரீச்ட் த வாய்ஸ்மெயில் ஆஃப் யாழினி செந்தில்குமார். ஐ ஆம் கரன்ட்லி அனேபிள் டு டேக் யுவர் கால் பிகாஸ் ஐ மே பி இன் க்ளாஸ் ஆர் அவே ஃப்ரம் மை ஃபோன். கைண்ட்லி லீவ் யுவர் நேம், நம்பர், அண்ட் எ டீடெய்ல்ட் மெசேஜ் ஆஃப்டர் த பீப், அண்ட் ஐ வில் டெஃபினிட்லி கெட் பேக் டு யூ அட் த எர்லியஸ்ட். தேங்க் யூ அண்ட் ஹாவ் எ ஒண்டர்ஃபுல் டே."

கிட்டத்தட்ட அறுபது சொற்கள். நிதானமாகப் பேசினால் 25 முதல் 30 விநாடி ஆகத்தான் செய்யும். இதில் பிழை எதுவும் இல்லை, ஆனால் அழைப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயங்களே முக்கால்வாசி. வாய்ஸ்மெயிலுக்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் எடுக்கவில்லை என்பதும் தெரியும், அதனால்தானே அங்கே நிற்கிறார். வகுப்பில் இருக்கிறீர்களா, போன் வேறு அறையில் இருக்கிறதா என்பது அவருக்கு எதற்கும் உதவாது. "ஆஃப்டர் த பீப்" என்பதை இந்த நாட்டில் சொல்லித் தெரிய வேண்டியவர் யாரும் இல்லை. "டீடெய்ல்ட் மெசேஜ்" என்பது கொஞ்சம் தொல்லையும்கூட. விவரமாகச் சொல்லக் கூடாது என்று சட்டம் கட்டிப்போட்டிருக்கிற எங்களைப் போன்றவர்களிடம் விவரம் கேட்கிறீர்கள். அப்புறம் அந்த "கைண்ட்லி". நம் ஊர் அலுவலகக் கடிதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது அது. இங்கே பேச்சில் யாரும் சொல்வதில்லை, கேட்டால் நோட்டீஸ் பலகை வாசிப்பது போலிருக்கும்.

இவற்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இவ்வளவுதான்:

"ஹாய், திஸ் இஸ் யாழினி. சாரி ஐ மிஸ்ட் யூ. ப்ளீஸ் லீவ் யுவர் நேம் அண்ட் நம்பர், அண்ட் ஐ'ல் கால் யூ பேக். தேங்க்ஸ்!"

இருபது சொற்கள், எட்டிலிருந்து பத்து விநாடி. முதல் வாக்கியம் இது யார் என்று சொல்கிறது. இரண்டாவது ஒரு சின்ன மரியாதை. மூன்றாவது, விட்டுப்போகிற மெசேஜை இந்த ஆள் கேட்பாள் என்ற உறுதியைத் தருகிறது. கடைசிப் பாதியை வெட்டிவிடலாமே என்று தோன்றும், வெட்டாதீர்கள். வாய்ஸ்மெயிலே கேட்காதவர்கள் இப்போது நிறையப் பேர். அழைப்பவருக்கும் அது தெரியும், திருப்பி அழைப்பேன் என்று ஒரு வார்த்தை கேட்டால்தான் நம்பிப் பேசுவார். ஆனால் "24 மணி நேரத்துக்குள்" என்றெல்லாம் கெடு வைக்க வேண்டாம். தேர்வு வாரத்தில் அதைக் காப்பாற்ற முடியாமல் போனால் அந்தக் கெடுவே உங்களுக்கு எதிராகப் பேசும்.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் பெயரில்தான் இருக்கிறது, அதனால் அதில் கொஞ்சம் நிற்கிறேன். அழைப்பவர் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதில் Yazhini என்று இருக்கிறது. அந்த zh-ஐப் பார்த்து அவர் மனதுக்குள் "யாஸினி" என்றோ "யாஷினி" என்றோ ஓட்டிப் பார்த்திருப்பார். நீங்கள் அழகாக ழகரம் வைத்து "யாழினி" என்றால் அவர் காதில் "யாலினி", "யாரினி" என்று ஏதோ விழும். தாளில் உள்ள ஆள்தானா என்று மறுபடி சந்தேகம். இதற்காக உங்கள் பெயரை நீங்களே தப்பாகச் சொல்ல வேண்டாம். பெயருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு சின்ன இடைவெளி விட்டு, பெயரை மட்டும் மற்றச் சொற்களை விடச் சற்று மெதுவாகச் சொல்லுங்கள். "திஸ் இஸ்... யாழினி." முதல் எழுத்தும் கடைசி "னி"யும் தெளிவாக விழுந்தால் நடுவில் உள்ளதை அவர் தாளைப் பார்த்துச் சரிக்கட்டிக்கொள்வார். அதுவும் போதாது என்று தோன்றினால் குடும்பப் பெயரையும் சேர்த்து "யாழினி செந்தில்குமார்" என்று சொல்லலாம். இரண்டு பெயர்களும் ஒருசேரத் தற்செயலாகப் பொருந்தாது அல்லவா? வேலை தேடுகிற மாதங்களில் நான் அப்படித்தான் செய்வேன்.

எந்தப் பெயரைச் சொல்வது என்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுதான் கிரீட்டிங்கில் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடுகிற பெயர், நண்பர்கள் சுருக்கி வைத்த "யாழ்", இவை வேண்டாம். எங்கள் கிளினிக்கில் அறுபது வயது மனிதர் ஒருவர், கோப்பில் நீளமான பெயர், கிரீட்டிங்கில் "ஹாய், திஸ் இஸ் பப்பு". மூன்று முறை அழைத்து மூன்று முறையும் வைத்துவிட்டேன். நம்மவர்களுக்கு இது மற்றவர்களை விட அடிக்கடி நடக்கும், ஏனென்றால் நம்முடைய பெயர் முறையே இந்தப் படிவங்களில் சரியாக உட்காராது. அப்பா பெயர் முன்னால் போய், நம் பெயர் பின்னால் வந்து, சிலருக்கு இனிஷியலே குடும்பப் பெயராக நிற்கும். அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் FNU என்று அச்சடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. பிறகு வங்கியிலிருந்து அழைப்பவர் "மிஸ்டர் ஃப்னு இருக்கிறாரா" என்று கேட்பார். உங்கள் விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயர் போயிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நட்பாக ஒலிப்பது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். வார்த்தையில் தேன் தடவி அது வராது. "ஹாவ் எ ஒண்டர்ஃபுல் டே" என்பதை மந்தமான குரலில் சொல்கிறவர்களை எவ்வளவோ கேட்டிருக்கிறேன், அதைவிட நல்ல குரலில் வெறும் "ஹாய்" மேல். புன்னகையோடு பேசினால் அது கேட்பவருக்குத் தெரியும், இதில் மாயம் எதுவும் இல்லை. சிரிக்கும்போது உதடுகள் பின்னால் இழுபடுகின்றன, தொண்டையிலிருந்து உதடு வரையான குழாயின் நீளம் கொஞ்சம் குறைகிறது, குரலின் நிறம் சற்று வெளிச்சமாகிறது. முகம் தெரியாவிட்டாலும் காது அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சிரிப்பை முழு வாக்கியத்துக்கும் இழுத்துக்கொண்டே போனால் விளம்பரக் குரலாகிவிடும். "ஹாய்" சொல்லும்போதும் "தேங்க்ஸ்" சொல்லும்போதும் இருந்தால் போதும்.

இன்னொன்று, தாளைப் பார்த்து வாசிக்காதீர்கள். வாசிக்கிற குரல் ஒவ்வொரு கால்புள்ளியிலும் ஒரே மாதிரி இறங்கும், ஆண்டு விழா வாடை அங்கிருந்துதான் வருகிறது. அறைத்தோழியை எதிரே உட்கார வைத்து, அவளிடம் நேராகச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நாலாவது, ஐந்தாவது தடவையில் தானாக இலகுவாகிவிடும். பதினைந்தாவது தடவைக்கு மேல் போனால் மறுபடி விறைத்துப்போகும், அப்போது நிறுத்திவிட்டு மறுநாள் செய்யுங்கள். இங்கத்திய உச்சரிப்பை வலிந்து போட்டுக்கொள்ள வேண்டியதே இல்லை. நேரில் வருகிற ஆளின் குரலும் போனில் கேட்ட குரலும் ஒன்றாக இருந்தால்தான் நல்லது. வேகத்தை மட்டும் கவனியுங்கள். நாம் ஆங்கிலத்தைத் தமிழின் வேகத்தில் பேசிவிடுகிறோம்.

தொலைபேசி இணைப்பைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பதிவில் பாதிப் பிரச்சினை தீரும். பழைய தொலைபேசி முறை குரலில் சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை மட்டும்தான் கடத்தும். இன்றைய கைபேசிகளுக்கு இடையே இதைவிட அகலமான ஒலி போகும் என்றாலும், ஒரு அலுவலக மேசைத் தொலைபேசியிலிருந்து உங்கள் வாய்ஸ்மெயில் பெட்டிக்கு வருகிற அழைப்பு பல நேரங்களில் அந்தக் குறுகிய சந்து வழியாகத்தான் வரும். "ஸ்", "ஃப்" போன்ற ஒலிகளின் உயிர் 3400-க்கு மேலே இருக்கிறது. அது வெட்டுப்பட்டதும் இரண்டும் ஒன்று போலக் கேட்கும். ஆங்கிலத்தில் எஸ் என்றால் எஃப் என்று எழுதிக்கொள்வது இதனால்தான். செந்தில்குமார் என்பதன் முதல் எழுத்திலேயே இந்த வம்பு இருப்பதால் அதை அழுத்திச் சொல்லுங்கள்.

இதே காரணத்தால் பின்னணியில் பாட்டு வைக்கவே கூடாது. கைபேசி இணைப்பு குரலைச் சுருக்கி அனுப்புகிற முறை மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. வீணையோ கிதாரோ அதற்குள் புகுந்தால் தண்ணீருக்கடியில் வாசிப்பது போலக் குழறும், அதோடு உங்கள் பெயரையும் இழுத்துக்கொண்டு போகும். விசிறி, கொதிக்கிற கெட்டில், ஜன்னலுக்கு வெளியே போகிற ஸ்ட்ரீட்கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பதிவு செய்ய நல்ல இடம், துணிகள் தொங்குகிற அலமாரியின் முன்னால். துணி எதிரொலியைக் குடித்துவிடும். கதவுகள் மூடிய, நிறுத்தி வைத்த கார் அதைவிட நல்லது. குளியலறை மிகவும் மோசம், ஓடுகளில் பட்டுக் குரல் கிணற்றிலிருந்து வருவது போலிருக்கும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசாமல், போனைச் சாதாரணமாகக் காதில் வைத்துப் பேசுவது போலவே பிடியுங்கள். மைக் அடிப்பக்கம் இருக்கிறது. அது வாய்க்கு நேர் எதிரே இல்லாமல் கன்னத்தின் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியிருக்கட்டும், இல்லாவிட்டால் "ப்ளீஸ்" என்பதில் உள்ள "ப்" காற்று மைக்கில் மோதி 'டப்' என்று வெடிக்கும். ப்ளூடூத் இயர்போனைக் கழற்றிவிடுங்கள். Record அழுத்தியதும் அரை விநாடி பொறுத்துப் பேச ஆரம்பித்து, முடித்த பிறகும் அரை விநாடி கழித்து Stop அழுத்துங்கள். அவசரப்படுகிறவர்களுடைய கிரீட்டிங் "...ஆய், திஸ் இஸ்" என்று தலையில்லாமல்தான் ஆரம்பிக்கும்.

ஐபோன் வைத்திருந்தால் Phone செயலியில் Voicemail-க்குப் போய் Greeting-ஐத் தொடுங்கள். அங்கே Custom-ஐத் தேர்ந்தெடுத்து, Record அழுத்திப் பேசி, Stop, பிறகு Play போட்டுக் கேட்டு, பிடித்திருந்தால் Save. அவ்வளவுதான். Greeting என்ற சொல்லே கண்ணில் படவில்லை, Call Voicemail என்று மட்டும் இருக்கிறது என்றால் உங்கள் திட்டத்தில் அந்தத் திரை வசதி இல்லை என்று பொருள். அப்போதும், பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும், பழைய வழிதான்: எண் பலகையில் 1-ஐ அழுத்திப் பிடித்தால் வாய்ஸ்மெயில் பெட்டி பேசும். முதல் தடவை என்றால் கடவு எண் வைக்கச் சொல்லும், அதன் பிறகு கிரீட்டிங்குக்கு வரும். எந்த எண்ணை எப்போது அழுத்துவது என்பது போன் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் அது சொல்வதைக் கேட்டுப் போவதுதான் வழி. சில கம்பெனிகளில் பெயரை மட்டும் பதிவு செய்கிற ஏற்பாடும் உண்டு. இயந்திரக் குரல் வாக்கியத்தைச் சொல்லி, நடுவில் உங்கள் குரலில் பெயரைச் செருகும். முழுசாகப் பேசக் கூச்சமாக இருந்தால் அதுவே போதும், அழைப்பவருக்கு வேண்டிய பெயர் கிடைத்துவிடுகிறதே.

கடவு எண்ணை 1234, 0000 என்று வைக்காதீர்கள். பிரிட்டனில் நியூஸ் ஆஃப் த வேர்ல்டு பத்திரிகைக்காரர்கள் பிரபலங்களின் வாய்ஸ்மெயிலை ஒட்டுக் கேட்டதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. கம்பெனி வைத்துக் கொடுத்த எண்ணை மாற்றாதவர்களும் எளிதில் ஊகிக்கக்கூடிய எண் வைத்தவர்களும் ஏராளமாக இருந்தார்கள். அந்த விவகாரத்தில் 2011 ஜூலையில் பத்திரிகையே மூடப்பட்டது.

ஒன்றை எதிர்பார்த்திருங்கள். உங்கள் பத்து விநாடி முடிந்த பிறகு சில கம்பெனிகளின் இயந்திரம் தானும் பேச ஆரம்பிக்கும்: ஒலி கேட்டதும் பதிவு செய்யுங்கள், முடிந்ததும் போனை வைத்துவிடலாம், மேலும் வசதிகளுக்கு இன்ன எண்ணை அழுத்துங்கள் என்று. இந்தத் தேவையற்ற வாசகத்தை எடுக்கச் சொல்லி 2009-இல் நியூயார்க் டைம்ஸில் எழுதிவந்த டேவிட் போக் ஒரு இயக்கமே நடத்தினார். இன்னமும் முழுசாக ஒழிந்தபாடில்லை. நீங்கள் சுருக்கமாகச் சொல்ல வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் முப்பது விநாடியோடு அதன் பத்துப் பதினைந்தும் சேர்ந்தால் முக்கால் நிமிடம் ஆகிவிடும், அதற்குள் யாரும் வைத்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கிரீட்டிங் வழக்கமாக உங்கள் போனில் இருப்பதில்லை, கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. போன் அணைந்திருந்தாலும், சுரங்க ரயிலில் சிக்னல் இல்லாவிட்டாலும் அது ஒலிப்பது அதனால்தான். புதுப் போன் வாங்கினாலும் கிரீட்டிங் அப்படியே இருக்கும். ஆனால் மலிவான திட்டம் கிடைத்ததென்று அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாறினால் பழைய பெட்டியும் அதில் இருந்த மெசேஜ்களும் அங்கேயே நின்றுவிடும், புதுப் பெட்டியில் மறுபடி இயந்திரக் குரல்தான். செப்டம்பரில் தள்ளுபடி பார்த்து மாறுகிற மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். உங்களுக்கும் அப்படி நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தமிழிலும் சொல்ல வேண்டுமா என்பதற்கு வருகிறேன். இதுவரை சொன்னவற்றில் எனக்குச் சந்தேகம் கிடையாது, இனிமேல் சொல்வது என் கருத்து. தேவையில்லை என்பேன். தமிழில் பேச விரும்புகிற அம்மாவும் சித்தியும் வாய்ஸ்மெயிலில் பேசப் போவதில்லை. கிரீட்டிங் தொடங்கியதும் வைத்துவிட்டு வாட்ஸப்பில் வருவார்கள். இரண்டு மொழியில் சொன்னால் நேரம் இரட்டிப்பாகும், ஆங்கிலக்காரர் தமிழ்ப் பகுதி வந்ததும் தவறான எண்ணோ என்று குழம்புவார். ஆசையாக இருந்தால் "ஹாய்" என்பதற்குப் பதில் "வணக்கம்" என்று ஆரம்பியுங்கள், ஸ்கார்பரோவில் அதைக் கேட்டு யாரும் திடுக்கிட மாட்டார்கள். ஆனால் உங்களை அழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், வயதானவர்கள் என்றால் கதை வேறு. எங்கள் நோயாளி ஒரு பாட்டி முழுக்கத் தமிழில் வைத்திருந்தார்: "நான் பேசுறன், பேரைச் சொல்லி வையுங்கோ, பிறகு எடுக்கிறன்." ஆறு விநாடி. அவருடைய பெயரும் அதில் இருந்திருந்தால் நான் கேட்டதிலேயே சிறந்த கிரீட்டிங் அதுதான் என்பேன்.

தனியாக இருக்கிற பெண் குரலும் பெயரும் வைக்கலாமா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் பலர் கேட்பார்கள். இதில் எனக்குத் தீர்மானமான பதில் இல்லை. தெரியாத எண்களிலிருந்து தொல்லை வந்த அனுபவம் இருந்தால் முதற்பெயரோடு நிறுத்திக்கொள்வது நியாயம். அண்ணன் குரலில் பதிவு செய்து வைப்பவர்களும் உண்டு. அதில் பாதுகாப்பு எவ்வளவு கூடுகிறது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் அழைப்பவருக்குக் குழப்பம் உறுதி. எப்படியானாலும் ஊரில் இல்லை, இன்ன தேதிக்குத்தான் வருவேன் என்று சொல்லாதீர்கள். வீடு காலியாக இருக்கிறது என்று ஊருக்கே அறிவிப்பது அது. போதாததற்கு, திரும்பி வந்த பிறகு மாற்ற மறந்துவிடுவோம். ஏப்ரலில் அழைத்தால் "ஜனவரி 5 வரை விடுமுறை" என்று சொல்கிற பெட்டிகள் எனக்கு நிறையப் பழக்கம். "டெக்ஸ்ட் மீ" என்று மட்டும் சொல்வதும் வேலைக்காகாது. எங்கள் முன்மேசைத் தொலைபேசியில் டெக்ஸ்ட் அனுப்பவே முடியாது.

பதிவு செய்த பிறகு சோதித்துப் பாருங்கள். உங்கள் போனிலிருந்தே உங்கள் எண்ணை அழைத்தால் பெட்டியின் மெனுதான் வரும், கிரீட்டிங் கேட்காது. போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு வேறொருவர் போனிலிருந்து அழையுங்கள். அழைப்பவர் உங்கள் பெயர் தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது, வகுப்பில் தமிழ் தெரியாத ஒருவரைப் பிடியுங்கள். கேட்டுவிட்டுப் பெயரை எழுதச் சொல்லுங்கள், ஸ்பெல்லிங் முக்கியமில்லை. அவர் எழுதியது Yalini-யோ Yarini-யோ, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் சரி. "ஏதோ பெயர் சொன்னாள், பிடிபடவில்லை" என்றால் பெயருக்கு முன்னே விட்ட இடைவெளி போதவில்லை, இன்னொரு தடவை செய்யுங்கள். அந்தச் சோதனையிலேயே ஒரு மெசேஜும் விடச் சொல்லி, அது உங்களுக்கு வந்து சேர்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இயந்திரக் குரலில் "மெயில்பாக்ஸ் இஸ் ஃபுல்" என்று வந்தால் எவ்வளவு நல்ல கிரீட்டிங்கும் வீண். ஐபோனில் மெசேஜ்களை அழித்தாலும் அவை Deleted Messages என்ற இடத்தில் போய்க் கிடக்கும். அங்கேயும் போய் Clear All அழுத்தியபின் மறுபடி அழைத்துப் பாருங்கள்.